அரக்கு மாளிகையில் ஆறு பேர்

பாளையங்கோட்டை
12.1.2024

அன்புள்ள தம்பி அனிஷுக்கு,

அண்ணன் மெல்வின் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் குறையில்லை, முழங்கால் மட்டும் பனிக்குப் பிடிக்கிறது. உன் சுகம் எப்படி? சென்னையில் மீன் நல்லதாகக் கிடைக்கிறதா, இல்லை ஐஸில் கிடந்ததைத்தான் தின்கிறாயா?

வக்கீல் வீரபாகு அண்ணாச்சி போன வாரம் வந்தார். ஜூன் மாதத்துக்குள் அப்பீல் விசாரணைக்கு வந்துவிடுமாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏலே மெல்வின், ஒன் வலையப் பிடுங்கினான்னு நீ ராஜதுரையோட வலைக் கிடங்கக் கொளுத்தினத நாம மறுக்கல. உள்ள ஆள் கிடக்கது தெரிஞ்சே கொளுத்தினேன்னுதான் ஆயுள் போட்டிருக்கான். தெரியாதுன்னு காட்டினா தண்டன பாதிக்கு மேல குறையும்."

முன்வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்திருப்பேன் என்று தீர்ப்பு. நான் முன்வாசலுக்கே போகவில்லை. பின்பக்க ஓலையில்தான் தீ வைத்தேன். முன்வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆளில்லண்ணே" என்று சொன்னது நீ. அம்மாவுக்கு ஒருவனாவது வெளியே இருக்கட்டும் என்று ஐந்து வருடமாக உன் பெயரை நான் எடுக்கவில்லை. இப்போது எடுக்கிறேன். என் வாய்ச்சொல் மட்டும் கோர்ட்டில் நிற்காதாம். நீ ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே பார்த்தேன், ஆள் கண்ணில் படவில்லை, அண்ணனிடம் அப்படியே சொன்னேன் என்று. உன்மேலும் வழக்கு வரும், ஆனால் மூன்று உயிரும் உன் தலையில் ஏறாது என்கிறார்.

இதை ஜெயில் ஆபீஸில் படிப்பார்கள், ஒவ்வொரு தாளிலும் முத்திரை குத்துவார்கள். படிக்கட்டும்.

உன் வேலை என்னவென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பொம்மைப் படத்துக்குக் கதை எழுதுகிறாயாமே. அதையும் கொஞ்சம் எழுது. இங்கே பொழுது போகவில்லை.

பனிமய மாதா உன் பக்கம் நிற்பாளாக.
மெல்வின்


சென்னை
9.2.2024

அன்பு அண்ணனுக்கு,

அனிஷ் வணக்கம். நான் நலம். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் கிடைத்தால் தடவு. அம்மாவிடம் ஞாயிறுதோறும் பேசுகிறேன்.

என் வேலையைக் கேட்டாய். எங்கள் ஸ்டூடியோவில் பதின்மூன்று வயதிலிருந்து பதினேழு வயதுவரை உள்ளவர்களுக்காக ஒரு தொடர் செய்கிறோம். ஒவ்வொரு பகுதியும் பதினோரு நிமிடம், ஒவ்வொன்றும் தனிக்கதை. எனக்கு வந்திருப்பது பாரதத்தில் அரக்கு மாளிகை. உனக்குத் தெரிந்திருக்கும். பாண்டவர் ஐவரும் தாய் குந்தியும் வாரணாவதத்தில் தங்கப் போகிறார்கள். அந்த மாளிகையை அரக்கும் நெய்யும் பூசிக் கட்டியிருக்கிறான் துரியோதனனின் ஆள் புரோசனன். விதுரன் ஜாடையாக எச்சரிக்கிறான். சுரங்கம் தோண்டுகிறவன் ஒருவன் வந்து வழி செய்கிறான். மாளிகை எரிகிறது, அவர்கள் தப்புகிறார்கள்.

எழுதுவது எடுத்த எடுப்பில் வசனம் இல்லை அண்ணே. முதலில் கதை ஒரே வரியில். அப்புறம் எந்தக் கட்டத்தில் என்ன திரும்புகிறது என்று பன்னிரண்டு வரி. அது தேறினால்தான் காட்சி காட்சியாக எழுத வேண்டும். ஏறத்தாழ ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஓடும். நடிகன் இல்லாததால் கண் எங்கே பார்க்கிறது, கை எங்கே இருக்கிறது என்பதுவரை நான்தான் எழுத வேண்டும். எழுதாததை யாரும் வரைய மாட்டார்கள்.

தலைக்கு மேல் ஒரு பலகையில் கதையின் நீதியை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் பகுதிக்கு: 'எச்சரிக்கையைக் காதில் வாங்குகிறவன் பிழைப்பான்.' எதை வெட்டினாலும் இதை வெட்டக்கூடாது.

வக்கீல் விஷயம் பிறகு விரிவாக எழுதுகிறேன். வேலை நெருக்குகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அனிஷ்


பாளையங்கோட்டை
26.2.2024

அன்புத் தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை எங்கள் பிளாக்கில் சத்தமாக வாசித்தேன். வயற்காட்டு வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு வந்த சிவனாண்டி என்று ஒரு ஆள் என் பக்கத்தில் படுக்கிறான். ஸ்ரீவைகுண்டத்துக்காரன். சின்ன வயதில் கோயில் கொடை விழாவில் பாரதம் கேட்டு வளர்ந்தவன். வாசித்து முடித்ததும் கேட்டான். "என்னவே, உம்ம தம்பி ஆறு பேர விட்டுட்டானே?"

எனக்கு விளங்கவில்லை. லைப்ரரியில் புத்தகம் எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. அன்றைக்குக் குந்தி ஊருக்கெல்லாம் சோறு போடுகிறாள். வேடர் சாதிப் பெண் ஒருத்தி ஐந்து பிள்ளைகளோடு வந்து சாப்பிட்டுக் குடித்துவிட்டு அங்கேயே தூங்கிப்போகிறாள். பீமன் தீ வைக்கிறான். கவனி, தீ வைக்கிறது துரியோதனன் ஆள் இல்லை, நம்ம பீமன். மறுநாள் ஊர் வந்து ஆறு பேரின் எலும்பைப் பார்த்துவிட்டு, பாண்டவரும் தாயும் செத்தார்கள் என்று அழுகிறது. புத்தகத்தில் அவளுக்குக் கிடைத்தது மூன்று வரி. பெயர் இல்லை.

சிவனாண்டி கேட்கிறான்: "ஆறு பொணம் இல்லாம துரியோதனன் எப்படிவே நம்புவான்? மறுநாளே ஆள் விட்டுத் தேட மாட்டானா?" பதில் எழுது.

நீ பிறகு என்று எழுதிய விஷயம் என்ன ஆச்சு? அண்ணாச்சி உனக்கு இரண்டு தடவை போன் போட்டாராம், நீ எடுக்கவில்லையாம்.

மாதா காக்கட்டும்.
மெல்வின்


சென்னை
30.3.2024

அன்பு அண்ணனுக்கு,

சுகம். தாமதத்துக்குக் கோபிக்காதே. காய்ச்சல் ஒரு வாரம்.

சிவனாண்டி அண்ணாச்சி கேட்டது எங்கள் ஸ்டூடியோவிலும் எல்லோரும் கேட்ட கேள்விதான். சொல்கிறேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், முக்கால் பக்கம் என்று படம் வரைந்து, பிறகு கணினியில் கை வேறு, முழங்கை வேறு, விரல் வேறு, வாய் எட்டு விதம் என்று மூட்டு மூட்டாகக் கட்ட வேண்டும். இதற்கு ரிக் என்று பெயர். ஒரு ரிக் கட்ட ஒரு ஆளுக்கு எட்டு நாள். எனக்கு அனுமதி ஏழு ரிக். கதையில் இருப்பதோ பதினாறு பேர்.

அதனால் குறைத்தேன். விதுரனும் சுரங்கக்காரனும் ஒரே ஆள். எச்சரிக்கையும் அவனே சொல்லுவான், மண்ணும் அவனே தோண்டுவான். துரியோதனன் திரைச்சீலையில் நிழல், குரல் மட்டும். நகுலனும் சகாதேவனும் ஒரே ரிக், துணியின் நிறம் வேறு, இருவருக்கும் வசனம் கிடையாது. குந்தி, தருமன், பீமன், அருச்சுனன், புரோசனன். ஏழு ஆகிவிட்டது. அந்தப் பெண்ணும் ஐந்து பிள்ளைகளும் என்றால் இன்னும் ஆறு. கட்டுப்படியாகாது. தீ வைப்பதையும் புரோசனன் கையில் கொடுத்துவிட்டேன். நாயகன் வீட்டைக் கொளுத்தினால் நீதி குழம்பிவிடும் என்று எங்கள் எழுத்துப் பிரிவுத் தலைவி பானுப்ரியா மேடம் சொன்னார்.

எலும்புக்கு வழி பார்த்தாயிற்று. பீமன் கிளம்பும்போது ஆறு பேருடைய நகையையும் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போகிறான். மறுநாள் சாம்பலில் ஆறு உருகிய பொன்கட்டி. துரியோதனன் நம்பிவிடுகிறான். பார்க்கிற பிள்ளைகளுக்கும் பீமனின் மூளை பிடிக்கும். ஓட்டை அடைந்துவிட்டது.

அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. நாம் இரண்டு பேரும் உள்ளே போய்விட்டால் அவளைப் பார்க்க யார் என்று நீயே யோசி.

அனிஷ்


பாளையங்கோட்டை
8.4.2024

தம்பிக்கு,

நலம். அம்மா சனிக்கிழமை மனு போட்டுப் பார்க்க வந்தாள். இரத்த அழுத்தம் அவளுக்கு நான் உள்ளே வந்த நாளிலிருந்து இருக்கிறது. உன் பத்திரத்தால் வந்ததில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்ன சொன்னாள் தெரியுமா? "சின்னவன் எழுதித் தருவாம்ல. அவனுக்குக் கொஞ்சம் பயம். நீ அவனக் கடிஞ்சு எழுதாத." சரி, கடியவில்லை.

பொன்கட்டி நல்ல யோசனை. சிவனாண்டிக்குச் சொன்னேன். துப்பிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மெல்வின்


சென்னை
17.5.2024

அன்பு அண்ணனுக்கு,

சுகம்தானே? வெயில் பாளையங்கோட்டையில் இன்னும் மோசமாக இருக்கும். மோர் கிடைக்குமா?

இங்கே ஒரு நல்ல சேதி. பானுப்ரியா மேடம் பிரதியைப் படித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் நெஞ்சில் எதுவும் தைக்கவில்லை என்றார். நான் வாய்தவறி அந்த வேடப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஐந்து பிள்ளை வேண்டாம், இரண்டு போதும், தூங்குகிறவர்களுக்கு மூட்டு கட்ட வேண்டியதில்லை, அசையாத ஓவியமாகப் போட்டால் செலவில்லை என்றார். ஓவியருக்குப் பாத்திரக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார். ஒரே மூச்சில் எழுதினேன். படித்துவிட்டு மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொடர் முழுவதற்கும் முதன்மை எழுத்தாளர் இடம் காலியாகிறது, என் பெயரைச் சொல்லப் போகிறாராம்.

நகல் வைத்திருக்கிறேன். உன் ஆட்களுக்கும் வாசித்துக் காட்டு.

'தாய்: முப்பது வயதுக்குள். வலைக் குவியலில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்தபடி தூக்கம். ஈ மொய்க்காமல் முந்தானையை முகத்தில் போட்டிருக்கிறாள். மூச்சு விடும்போது முந்தானை ஏறி இறங்குகிறது.
மகள்: ஒன்பது வயது. தாயின் தொடையில் தலை. கையில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கிறது.
மகன்: ஐந்து வயது. சற்றுத் தள்ளி, குப்புறப் படுத்திருக்கிறான். இடது குதிகாலில் மஞ்சள் துணிக்கட்டு. துணியின் ஓரத்தில் சிவப்புக் கரை. முடிச்சு காலின் உட்பக்கம்.'

அனிஷ்


பாளையங்கோட்டை
21.6.2024

அனிஷ்,

நலம் விசாரிக்க இப்போது மனமில்லை.

உன் குறிப்பை வாசித்துக் காட்டினேன். சிவனாண்டி, "ஆள நேர்ல பாத்து எழுதினாப்புல இருக்கு" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். நான் தாளைத் திரும்ப எடுத்து வாசித்தேன்.

கோர்ட்டில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சாட்சியையும் கேட்டேன். உடல்களைப் பற்றிப் படித்ததையும் கேட்டேன். மஞ்சள் துணி என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

அண்ணாச்சியிடம் சொல்லி மாசானத்தைக் கேட்கச் சொன்னேன். மாசானம் யாரென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முத்துக்கனியின் புருஷன், அந்தப் பிள்ளைகளின் அப்பன். இப்போதும் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் சுமக்கிறான். அண்ணாச்சி போய்க் கேட்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டானாம். அன்றைக்குக் காலையில்தான் பையன் சங்கு ஓட்டை மிதித்துக் குதிகாலைக் கிழித்துக்கொண்டான். மாசானம் தன் தலைத்துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டு, ஏழு மணி பஸ்ஸுக்குப் போனான். மஞ்சள் துண்டு. சிவப்புக் கரை.

கோயில் அசன விருந்தில் சோறு தின்றுவிட்டு மத்தியானம் அவர்கள் அந்தக் கிடங்குக்குள் போய்ப் படுத்தார்கள். அதற்கப்புறம் அவர்களை யாரும் பார்க்கவில்லை என்றுதான் எல்லாச் சாட்சியும் சொன்னது.

முடிச்சு காலின் உட்பக்கம் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?

நீ சரியாகப் பார்க்காமல் வந்து சொல்லிவிட்டாய் என்று நினைத்தேன். பயத்தில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்திருப்பாய், சின்னப் பையன்தானே என்று ஐந்து வருடமாக உனக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருபத்து நான்கு வயதுத் தடியனை.

அப்பீல் தேதி ஆகஸ்டுக்குத் தள்ளியிருக்கிறது. பதில் போடு.

மெல்வின்


சென்னை
19.7.2024

அண்ணனுக்கு,

நலம்.

பாத்திரக் குறிப்பு என்பது கற்பனை. எழுதுகிறவனுக்கு எங்கிருந்தாவது ஒரு துணி, ஒரு நிறம் வரும். காலையில் பையன் அசனப் பந்தலில் நொண்டிக்கொண்டு திரிந்ததை யாரோ சொல்லிக் கேட்டிருப்பேன். இதை வைத்து நீ என்னென்னவோ கோர்க்கிறாய். உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தால் மனம் அப்படித்தான் போகும்.

எப்படியும் அந்தப் பாத்திரங்கள் இப்போது படத்தில் இல்லை. குரல் பதிவு முடிந்து, அசையாத படங்களை வரிசையாகக் குரலோடு ஓட்டிப் பார்த்தோம். அனிமேட்டிக் என்பார்கள், நீளத்தைக் கணக்கிடுவது அதில்தான். பன்னிரண்டு நிமிடம் ஐந்து விநாடி வந்தது. அறுபத்தைந்து விநாடி போக வேண்டும். அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் வருவது அறுபத்திரண்டு விநாடி. எடுத்துவிட்டு, பீமன் திரும்பிப் பார்ப்பதில் மூன்று விநாடி நறுக்கினோம். கதை எங்கும் இடிக்கவில்லை. இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள் சாவதைக் காட்டினால் வயதுச் சான்று தொல்லையும் வரும், அதுவும் போயிற்று.

பத்திரம் பற்றி. அன்று நான் ஊரில் அசனப் பந்தலில் பரிமாறிக்கொண்டிருந்தேன். என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். வக்கீலிடமும் அதையே சொல்லிவிட்டேன்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடு. ஸ்டூடியோ விதிப்படி பிரதி வெளியே போகக்கூடாது. நான் அனுப்பியது தப்பு.

அனிஷ்


பாளையங்கோட்டை
25.7.2024

பரிமாறினாயா. நல்லது.

பந்தலில் நொண்டிக்கொண்டு திரிந்தவன் முடிச்சின் உட்பக்கத்தை எவனுக்குக் காட்டினான்? தாயின் முந்தானை ஏறி இறங்குவதைப் பந்தலில் யார் சொன்னார்கள்?

எனக்கு உன் கையெழுத்து வேண்டாம். என்ன நடந்தது என்று மட்டும் எழுது. எழுதவில்லை என்றால் அம்மாவை அடுத்த மனுவில் வரச்சொல்லி, அந்தக் குறிப்பை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் உன்னைப்போல இல்லை, ஒரு தடவை கேட்டால் புரிந்துகொள்வாள்.

மெல்வின்


சென்னை
14.8.2024

அண்ணனுக்கு,

அம்மாவை இதில் இழுக்காதே. அவளைக் கொன்றுவிட்டுத்தான் வெளியே வருவாய் போல.

நீ கேட்டது ஒரு காட்சி. காட்சியாகவே தருகிறேன். பாரதக் கதைதான், ஜெயில் ஆபீஸில் யாரும் மிரள வேண்டாம். படத்தில் வராத காட்சி.

'அரக்கு மாளிகை, முன்வாசல். பகல். வெளியே விருந்துச் சத்தம்.

அண்ணன் பின்பக்கம் பந்தத்தோடு நிற்கிறான். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்க இளையவனை அனுப்புகிறான். இளையவன் கண்: சிவந்திருக்கிறது. இடது கன்னத்தில் கை. புரோசனன் முந்தின நாள் ஏலக்கூடத்தில், எல்லார் முன்னாலும் அறைந்த கன்னம். அண்ணனுக்குப் போனது வலை மட்டும். இளையவனுக்குப் போனது முகம்.

வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. இளையவன் குனிந்து உள்ளே நுழைகிறான். பெண்ணும் இரண்டு பிள்ளைகளும். அவன் நிற்கிறான். திரும்பப் பார்க்கிறான்.

பெண், முந்தானையை விலக்கி, பாதிக் கண்ணோடு: தம்பி, அசனம் முடிஞ்சிட்டா? நான் எழும்பணுமா?

இளையவன்: இல்லக்கா. நேரம் இருக்கு. படுத்துக்கிடுங்க.

பெண் முந்தானையைத் திரும்பப் போட்டுக்கொள்கிறாள்.

இளையவன் வெளியே வருகிறான். ஆள் இருக்கிறது என்று சொன்னால் அண்ணன் பந்தத்தை அணைத்துவிடுவான். அண்ணன் அப்படிப்பட்டவன், சத்தம்தான் பெரிது. அப்புறம் இன்னொரு நாள் வராது. நாளைக் காலையில் இளையவனுக்குப் பட்டணத்தில் வேலைத் தேர்வு. கதவு திறந்துதான் இருக்கிறது. புகை வந்தால் ஓடிவந்துவிடுவார்கள் என்று நினைக்கிறான். நினைத்ததாக நினைத்துக்கொள்கிறான்.

இளையவன்: ஆளில்லண்ணே. கொளுத்து.'

போதுமா? பந்தம் யார் கையில் இருந்தது என்பதையும் மறக்காதே. நான் ஒரு வாக்கியம் சொன்னேன். கொளுத்தியது நீ. வாசலைப் போய்ப் பார்க்க உனக்கும் கால் இருந்தது. போகாமல் என்னை அனுப்பியது ஏன்? கெட்டதை நீ பார்க்கக்கூடாது, நான் பார்க்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வாசித்துவிட்டுக் கிழித்துவிடு. இனி இதைப் பற்றி எழுதாதே. செப்டம்பர் முதல் நான் முதன்மை எழுத்தாளர்.

அனிஷ்


பாளையங்கோட்டை
10.9.2024

அனிஷுக்கு,

வேலை உயர்ந்ததற்கு வாழ்த்து. முழங்கால் சரியாகிவிட்டது. அப்பீல் இன்னும் தள்ளிப்போகிறது.

நீ எழுதியதில் ஒன்று உண்மை. எனக்கும் கால் இருந்தது. அதற்காக இங்கே இருக்கிறேன், இருக்க வேண்டியவன்தான். இதை அண்ணாச்சியிடமும் சொல்லிவிட்டேன்.

காட்சியை மூன்று தடவை வாசித்தேன். நைலான் வலைப் புகை எப்படி என்று உனக்குத் தெரியாது, அதனால் கதவு திறந்திருந்தது என்று எழுதுகிறாய். எனக்குத் தெரியும். தூங்குகிற ஆளை அது எழும்ப விடாது. நீ படுத்துக்கிடுங்க என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவள் எழும்பியிருப்பாள். எழும்பணுமா என்று கேட்டவள்தானே.

உன் தாள் இரண்டையும் என்ன செய்வது என்று பத்து நாள் யோசித்தேன். கிழித்திருந்தால் நீ தப்பினாய். அப்பீலுக்குக் கொடுத்தால் நான் தப்பினேன். இரண்டு பேரும் நம்மைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறோம், அவளைப் பற்றி இல்லை என்று தோன்றியது. அந்த வார்த்தைகள் உன்னுடையவை இல்லை, என்னுடையவையும் இல்லை. அவள் கடைசியாகப் பேசியவை. அவளுக்கு ஒரு புருஷன் இருக்கிறான்.

ஆபீஸ் முத்திரையோடு இரண்டு தாளையும் அண்ணாச்சி கையில் கொடுத்து, மாசானத்திடம் சேர்க்கச் சொல்லிவிட்டேன். அவன் அதைக் கோர்ட்டில் கொடுக்கிறானோ, அடுப்பில் போடுகிறானோ, அவன் இஷ்டம். அண்ணாச்சிக்குக் கோபம்தான். "ஒம் விடுதலய ஐஸ் சொமக்கவன் கையில குடுக்கியால" என்று கத்தினார். கத்தட்டும்.

அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் அழவில்லை. "ரெண்டு பேரயும் நாந்தான பெத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மனு நேரம் முடியுமுன்னே எழும்பிப் போய்விட்டாள். உனக்கு போன் வராது என்று நினைக்கிறேன்.

இனி நான் எழுதமாட்டேன்.
மெல்வின்


தூத்துக்குடி
3.10.2024

மரியாதைக்குரிய தம்பி அனிஷ் அவர்களுக்கு,

மாசானம் எழுதிக்கொள்வது. எனக்கு எழுத வராது. துறைமுகத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஸ்டெபி பாப்பா நான் சொல்லச் சொல்ல எழுதுகிறது. நான் நல்லா இருக்கேன். நீங்களும் நல்ல சொகமா இருக்கணும், இந்தக் கடிதாசு கைக்கு வந்து சேருதவரைக்கும்.

வக்கீல் அண்ணாச்சி ரெண்டு தாளு கொண்டுவந்து குடுத்தாவ. பாப்பாதான் வாசிச்சுது. மொதத் தாள வாசிச்சப்போ பிள்ளையோ கண்ணு முன்னால வந்துட்டு. ரெண்டாவது தாள வாசிக்கையில பாப்பாவுக்கு வாசிக்க முடியல. பொறவு மறுநாள் வாசிச்சுது. எனக்கு இப்போ ரெண்டும் மனப்பாடம்.

அங்கன போயி படுங்கன்னு அவகிட்ட சொன்னது நாந்தான் தம்பி. மத்தியானம் வெயிலா இருக்கும், பையனுக்குக் காலு வேற சொகமில்ல, ராஜதுரை அண்ணாச்சி கெடங்குல நெழலு இருக்கு, நான் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன். அஞ்சர வருசமா அத யாருட்டயும் சொல்லல. ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லுதேன். ஒங்களுக்குத் தெரியும்லா, அப்படி ஒண்ண வச்சிக்கிட்டு சோறு திங்கது எப்படின்னு.

தாள நான் போலீஸ் டேசன்ல குடுத்துட்டேன். குடுக்கதுக்கு முன்னால பாப்பா நகல் எடுத்துத் தந்துது. அடுத்த வெள்ளிக்கிழம ஒங்கள விசாரிக்க மெட்ராசுக்கு வாராவளாம். நானும் கூட வாரேன்னு கேட்டேன், விடமாட்டேன்னுட்டாவ. அதான் முந்தி எழுதுதேன். அவிய வந்தா ஒங்களப் பேசவிட மாட்டாவ, அவிய கேக்கத மட்டுந்தான் நீங்க சொல்லணும். எனக்கு வேணுங்கது அவியளுக்கு வேண்டாம்.

அவ எந்திரிக்கணுமான்னு ஒங்ககிட்ட கேட்டிருக்கா. அவகூடக் கடைசியாப் பேசின ஆளு நீங்க. என்ன கொரல்ல கேட்டா? தூக்கக் கலக்கத்துல கேட்டாளா, இல்ல சிரிச்சாப்புல கேட்டாளா? வேற ஏதும் சொன்னாளா? என்னத் தேடினாளா? மக முழிச்சு ஒங்களப் பாத்துச்சா? பையன் காலு கட்டு நனஞ்சிருந்துதா, ரத்தம் நின்னுருந்துதா? நீங்க எழுதுத ஆளு. எழுதுகையில எடம் பத்தலன்னு ஒண்ணையும் விட்டுராதீய.

இதுக்குள்ள ஸ்டாம்பு ஒட்டின கவரு ஒண்ணு வச்சிருக்கேன், விலாசமும் பாப்பா எழுதியிருக்கு. அடுத்த வியாழக்கிழமைக்குள்ள தபால்ல போட்டுருங்க.

இப்படிக்கு,
மாசானம்,
முத்துக்கனியின் கணவர்